கோடு விழும் நிழல், காலடியில் மிதக்கும் நிழல்: ஷேடோ பயாஸ் அமைப்புகளில் எதை மாற்றுவது?

முப்பரிமாணக் காட்சியில் முதன்முதலாக நிழலை இயக்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். தரை முழுக்கக் கறுப்பு வரிகள் தெரிகின்றன. `bias` மதிப்பைக் கொஞ்சம் கூட்டினால் வரிகள் போய்விடுகின்றன, ஆனால் கதவும் நாற்காலிக் காலும் தரையை விட்டு எழும்பி நிற்பதுபோல நிழல் விலகிவிடுகிறது. குறைத்தால் வரிகள் திரும்பி வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாய எண் இருக்கும் என்று மணிக்கணக்கில் தேடுகிறார்கள். பல காட்சிகளில் அப்படி ஓர் எண் கிடையாது. தேட வேண்டியது வேறு அமைப்பில்.

எந்த அமைப்பு எதைச் சரிசெய்கிறது, பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறது என்பதை ஒரே காட்சியை வைத்து எடைபோடுகிறேன். எடுத்துக்காட்டுகள் three.js-இல் உள்ளவை. கணக்கு எல்லா எஞ்சின்களுக்கும் பொது.

## வரிகள் எங்கிருந்து வருகின்றன

1978இல் லான்ஸ் வில்லியம்ஸ் முன்வைத்த ஷேடோ மேப் முறையைத்தான் இன்றும் பெரும்பாலான எஞ்சின்கள் பயன்படுத்துகின்றன. முதலில் விளக்கின் இடத்திலிருந்து காட்சியை வரைந்து, மேப்பின் ஒவ்வொரு பிக்சலிலும், அதாவது டெக்செலிலும், மிக அருகிலுள்ள பரப்பின் தூரத்தைச் சேமிக்கிறோம். பிறகு கேமராவிலிருந்து வரையும்போது, ஒரு புள்ளி விளக்கிலிருந்து இருக்கும் தூரத்தைச் சேமித்த தூரத்தோடு ஒப்பிடுகிறோம். சேமித்ததைவிட அதிகமாக இருந்தால் அந்தப் புள்ளி நிழலில் இருக்கிறது.

ஒரு டெக்செலுக்கு ஒரே ஒரு தூரம்தான். ஆனால் ஒளி சாய்வாக விழும் தரையில், அந்த ஒரு டெக்செலுக்குள்ளேயே தூரம் மாறிக்கொண்டே போகிறது. தரை உண்மையில் ஒரு சரிவுப் பாதை; ஷேடோ மேப் அதைப் படிக்கட்டாக நினைவில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு படியின் பாதியும் சரிவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், தரை தன் மேலேயே நிழல் போட்டுக்கொள்கிறது. அந்தப் பாதிகள்தான் வரிகள்.

இதிலிருந்து ஓர் அளவு கிடைக்கிறது. பரப்பின் செங்குத்துக்கும் ஒளி வரும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தை θ என்போம். வரிகள் மறைய, ஒப்பிடும் தூரத்திலிருந்து கழிக்க வேண்டிய விலக்கு:

```
விலக்கு = (டெக்செல் அளவு × 0.5) × tan θ
```

நிழல் ஓரத்தை மென்மையாக்கும் வடிகட்டி ஒரு டெக்செல் சுற்றிலும் எடுத்துப் பார்த்தால், 0.5 என்பது 1.5 ஆகிவிடும். மென்மையான நிழலை இயக்கியதும் வரிகள் மோசமாவது இதனால்தான். வரிகள் டெக்செல் ஓரங்களுக்குக் கோணலாக ஓடினால் தேவை இன்னும் சற்றுக் கூடும், அதிகபட்சம் 1.41 மடங்கு. கீழே உள்ள எண்களில் அதைச் சேர்க்கவில்லை.

எதையும் மாற்றுமுன் ஒரு சோதனை. அந்தப் பொருளின் `receiveShadow`-வை அணைத்துப் பாருங்கள். வரிகள் அப்படியே இருந்தால் அது நிழல் பிரச்சினையே இல்லை; ஒரே தளத்தில் இரண்டு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. பயாஸ் எதுவும் அதைத் தீர்க்காது.

## ஒப்பிடும் காட்சியும் அளவுகோல்களும்

12 மீட்டருக்கு 9 மீட்டர் வீடு ஒன்றின் மாதிரி. முன்னால் 30 செ.மீ. தடிமனுள்ள தூண்கள், 15 செ.மீ. உயர வாசற்படி, 2 செ.மீ. தடிமனுள்ள இரும்புத் தகடு கேட். ஓர் அலகு ஒரு மீட்டர். சூரியன் அடிவானத்திலிருந்து 30° உயரத்தில் இருக்கிறது, ஆகவே தரைக்கு θ = 60°. தரை, மாடலிங் மென்பொருளிலிருந்து இருபக்கப் பரப்பாக வந்திருக்கிறது.

நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். சூரியன் தாழ்ந்தாலும் வரிகள் வராமல் இருக்குமா? கேட் போன்ற மெல்லிய பொருளின் காலடியில் நிழல் ஒட்டி நிற்குமா? வாசற்படி போன்ற சிறிய உயரங்களின் நிழல் தப்புமா? காட்சியின் அளவோ விளக்கின் வீச்சோ மாறினால், போட்ட எண் செல்லுபடியாகுமா, மீண்டும் முதலிலிருந்தா? வன்பொருள் செலவையும், மாடல் எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## வழி 1: நிலையான பயாஸ்

எல்லோரும் முதலில் தொடுவது `light.shadow.bias`. மேலே சொன்ன விலக்கை எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவாகக் கொடுக்கும் எண் இது. three.js-இல் வரிகளைப் போக்க இது எதிர்மறை எண்ணாக இருக்க வேண்டும், யூனிட்டியில் நேர்மறை. ஓரிடத்து எண்ணை இன்னோரிடத்தில் ஒட்டினால் நிலைமை மோசமாவதற்கு இந்தக் குறியும் ஒரு காரணம்.

அதைவிடப் பெரிய காரணம், இந்த எண் மீட்டரில் இல்லை என்பது. three.js-இல் ஷேடோ கேமராவின் `near` முதல் `far` வரையிலான மொத்த வீச்சின் பங்காக அது எடுத்துக்கொள்ளப்படுகிறது. டைரக்‌ஷனல் லைட்டின் இயல்பு மதிப்புகள் 0.5, 500. வீச்சு 499.5 மீட்டர். ஆகவே கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் -0.001 என்பது இந்தக் காட்சியில் 50 செ.மீ. விலக்கு.

அந்த 50 செ.மீ. சில நேரம் உண்மையிலேயே தேவைப்படுகிறது என்பதுதான் சிக்கல். நிழல் எங்கும் விடுபடக் கூடாது என்று ஷேடோ கேமராவை எல்லாப் பக்கமும் 100 மீட்டருக்கு விரித்து, மேப்பை 1024 ஆக வைத்திருக்கிறார் ஒருவர் என்று கொள்வோம். ஒரு டெக்செல் 200 ÷ 1024, அதாவது 19.5 செ.மீ. வடிகட்டியோடு சேர்த்துத் தேவையான விலக்கு 19.5 × 1.5 × 1.73, கிட்டத்தட்ட 51 செ.மீ. அவர் -0.001 போட்டதும் வரிகள் ஏறக்குறைய மறைகின்றன. ஆனால் கேட்டின் நிழல் அதன் காலடியிலிருந்து 43 செ.மீ. தள்ளித்தான் தொடங்கும் (50 × cos 30°). மேப் செய்த குற்றத்துக்குக் கேட் தண்டனை அனுபவிக்கிறது.

நிலையான பயாஸின் இன்னொரு குறை tan θ. சூரியன் 30°-லிருந்து 10°-க்கு இறங்கினால் tan 1.73-லிருந்து 5.67 ஆகிறது, தேவையான விலக்கு மூன்று மடங்குக்கு மேல். மிகச் சாய்ந்த பரப்புக்கு ஏற்ப எண்ணை வைத்தால், நேராக ஒளி படும் பரப்புகளும் அதே விலையைக் கொடுக்கின்றன.

இது சரியான தேர்வாகும் இடமும் உண்டு: விளக்கு நகராத, தலைக்கு மேலிருந்து ஒளி விழும் சிறிய காட்சி. பொருள் ஒன்றை மேசைமேல் வைத்துக் காட்டும் பக்கம், மேலிருந்து பார்க்கும் பலகை விளையாட்டு. அங்கே tan θ சிறியது, `far` மதிப்பும் சின்னதாக இருந்தால் இந்த ஓர் எண்ணே போதும்.

## வழி 2: சாய்வுக்கேற்ற பயாஸ்

ஷேடோ மேப்பை வரையும்போதே ஒவ்வொரு முகத்தின் சாய்வுக்கும் ஏற்பத் தூரத்தைப் பின்னுக்குத் தள்ளும் வழி இது. சொந்தமாக ஓப்பன்ஜிஎல், வெப்ஜிஎல் எழுதுபவர்களுக்கு இரண்டே வரி:

```js
gl.enable(gl.POLYGON_OFFSET_FILL);
gl.polygonOffset(2.0, 4.0);
```

முதல் எண் சாய்வைப் பெருக்குகிறது. இரண்டாவது, சாய்வு இல்லாத முகத்துக்கும் கிடைக்கும் சிறிய நிலையான தள்ளல். சூரியனை நேராகப் பார்க்கும் முகம் கிட்டத்தட்ட தள்ளப்படுவதே இல்லை என்பதால், வழி 1-ஐவிட இது நியாயமானது. தரைக்குப் பெரிய தள்ளலும், 30° சூரியனைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் கேட்டுக்குச் சிறிய தள்ளலும் தனித்தனியே கிடைக்கின்றன.

மறைந்திருக்கும் விலை, ஒளிக்கு ஏறத்தாழ இணையாக நிற்கும் முகங்களில் இருக்கிறது. θ 90°-ஐ நெருங்கும்போது tan எல்லையில்லாமல் வளர்கிறது. அந்த முகம் வெகுதூரம் தள்ளப்பட்டு, அது போட வேண்டிய நிழலில் ஓட்டை விழுகிறது. இதற்காகத்தான் ஓப்பன்ஜிஎல் 4.6-இல் `glPolygonOffsetClamp`, டைரக்ட்3டி 11-இல் `DepthBiasClamp` என்ற உச்சவரம்புகள் இருக்கின்றன. three.js இதை விளக்கின் அமைப்பாகத் தருவதில்லை. அங்கே வேலை செய்பவர்கள் அடுத்த வழிக்குப் போகலாம்.

## வழி 3: நார்மல் பயாஸ்

தூரத்தை மாற்றுவதற்குப் பதிலாக, ஒப்பிடப்போகும் புள்ளியையே அதன் பரப்பின் செங்குத்துத் திசையில் சற்று வெளியே நகர்த்திவிட்டு ஒப்பிடுவது. three.js-இல் `light.shadow.normalBias`. இது காட்சியின் அலகிலேயே இருக்கிறது, 0.02 என்றால் 2 செ.மீ., `far` எதுவானாலும்.

இந்த வழியின் பலம் ஒரு சின்னக் கணக்கில் தெரிகிறது. செங்குத்தாக d தூரம் நகர்ந்த புள்ளி, ஒளியின் திசையில் பார்த்தால் பரப்பிலிருந்து d ÷ cos θ தூரம் விலகியிருக்கிறது. நமக்குத் தேவை டெக்செல் × 1.5 × tan θ. இரண்டையும் சமன்படுத்தினால்:

```
d = டெக்செல் × 1.5 × sin θ
```

tan போன இடத்தில் sin வந்துவிட்டது. sin ஒன்றைத் தாண்டாது. சூரியன் எவ்வளவு தாழ்ந்தாலும் தேவை ஒன்றரை டெக்செலோடு நின்றுவிடும். பகல் முழுக்கச் சூரியன் நகரும் காட்சிக்கு இதை நான் முதலில் பரிந்துரைப்பது இதனால்தான்.

காலடியிலும் இதன் நடத்தை வேறு. கேட்டுக்குப் பின்னாலுள்ள தரைப்புள்ளியை 2 செ.மீ. தூக்கிவிட்டுச் சூரியனை நோக்கிப் பார்த்தாலும், கேட் இன்னும் மறைக்கிறது. ஆகவே நிமிர்ந்து நிற்கும் பொருளின் அடியில் இடைவெளி விழுவதில்லை. பதிலாக நிழலின் நுனி குறுகுகிறது: 30° சூரியனில் 2 ÷ tan 30°, அதாவது 3.5 செ.மீ. பொருள் 2 செ.மீ. குட்டையாகிவிட்டதுபோல நிழல் விழுகிறது, அவ்வளவுதான். குறையைக் கண்டுபிடிக்கவும் இதுவே வழி: நிழல் காலடியில் விலகினால் `bias` அதிகம், நுனியிலும் ஓரங்களிலும் மெலிந்தால் `normalBias` அதிகம்.

விலை இரண்டு இடத்தில். d-ஐவிடக் குறைந்த உயரமுள்ளவை தரையில் நிழலையே இழக்கும். மேலே சொன்ன 19.5 செ.மீ. டெக்செலுக்குத் தேவையான d 25 செ.மீ.; நம் 15 செ.மீ. வாசற்படியின் நிழல் முழுவதுமாகக் காணாமல் போகும். இரண்டாவது, மாடலின் நார்மல்கள் சரியாக இருக்க வேண்டும். திரும்பிக் கிடக்கும் நார்மல் புள்ளியைப் பரப்புக்குள் தள்ளி, வரிகளை அதிகப்படுத்தும். எங்கிருந்தோ இறக்கிய மாடலில் ஒரே ஒரு பாகம் மட்டும் அடங்க மறுத்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

யூனிட்டியின் யூஆர்பி-யில் இரண்டு பயாஸ்களும் டெக்செல் அளவால் பெருக்கப்படுகின்றன, நகர்த்தலும் நிழல் போடும் பொருளின் மேல் நடக்கிறது. அங்கே 1 என்பது இயல்பான எண். three.js-இல் அதே 1 ஒரு மீட்டர்.

## வழி 4: பின்முகங்களை நிழல் போடவைத்தல்

ஷேடோ மேப்பில் ஒளி படும் முகங்களுக்குப் பதிலாகப் பொருளின் பின்முகங்களை வரைந்தால், ஒளி படும் பரப்புக்கும் சேமித்த தூரத்துக்கும் இடையில் பொருளின் முழுத் தடிமனும் பாதுகாப்பாக நிற்கிறது. வரிகள் ஏற்கனவே இருண்டிருக்கும் மறுபக்கத்துக்குப் போய்விடும். three.js-இல் ஒருபக்கப் பொருள்களுக்கு, சாதாரண நிழல் வகைகளில், இதுதான் இயல்பு.

இந்த இயல்பு தெரியாததால் பல குழப்பங்கள். நம் காட்சியில் தரையில் வரிகள் வந்ததே அது இருபக்கப் பரப்பு என்பதால்தான்; மாடலிங் மென்பொருள் இருபக்கம் என்று குறித்த பொருளை ஜிஎல்டிஎஃப் ஏற்றி அப்படியே இருபக்கமாக வைக்கிறது. ஒற்றைத் தாளாகச் செய்த கூரைக்கு நிழலே விழாமல் போவதும் இதனால்தான்: மேலிருந்து பார்க்கும் விளக்குக்கு அதில் பின்முகமே இல்லை.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, பின்முகமும் பெரிய `bias`-உம் சேரக் கூடாது என்பது. தூணின் பின்முகத்தைத்தான் மேப் சேமித்திருக்கிறது, 50 செ.மீ. விலக்கு போட்டால் 30 செ.மீ. தடிமனுள்ள தூணிலும் கேட்டைப் போலவே 43 செ.மீ. இடைவெளி விழும். `material.shadowSide = THREE.FrontSide` என்று மாற்றினால் தூணின் தடிமனும் விலக்கோடு மல்லுக்கட்டி, இடைவெளி 13 செ.மீ. ஆகச் சுருங்கும். ஆனால் அப்போது தூணின் ஒளி படும் முகமே மேப்பில் ஏறுவதால், அதன்மேல் வரிகள் வர வாய்ப்பு திரும்புகிறது, `normalBias` கட்டாயம்.

மூடிய, கெட்டியான வடிவங்களால் ஆன காட்சிக்கு இந்த வழி செலவே இல்லாதது. இலை, துணி, ஒற்றைத் தாள் சுவர் இருந்தால் இதை நம்ப முடியாது.

இதையொட்டி இன்னொன்றையும் செய்யலாம். தரைக்குக் கீழே எதுவும் இல்லையென்றால் அதற்கு `castShadow = false` போடுங்கள். மேப்பில் இல்லாத தரை தன்மேல் நிழல் போட முடியாது. எந்தப் பயாஸும் இல்லாமலே வரிகள் மறையும். மேடு பள்ளமான நிலத்துக்கு இது ஒத்துவராது, ஒரு மேடு அடுத்த பள்ளத்தின்மேல் நிழல் போட வேண்டியிருக்கும்.

## வழி 5: டெக்செலைச் சிறிதாக்குதல்

மேலே எல்லாச் சூத்திரங்களிலும் டெக்செல் அளவு பெருக்கலாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் குறைத்தால் மற்ற எல்லாமே சேர்ந்து குறைகின்றன. இதற்கு இரண்டு கைப்பிடிகள்: மேப்பின் பிக்சல் எண்ணிக்கை, ஷேடோ கேமராவின் பரப்பு. பலரும் முதலாவதைத்தான் முறுக்குகிறார்கள். 1024-லிருந்து 4096-க்குப் போனால் டெக்செல் நான்கில் ஒன்றாகும். ஆனால் ஒரு டெக்செலுக்கு 4 பைட் வீதம் நினைவகம் 4 எம்பி-யிலிருந்து 64 எம்பி ஆகும், நிரப்பும் வேலை 16 மடங்கு. கைப்பேசியில் இது உடனே தெரியும். கேமராவை 100 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்கு இறுக்கினால், எந்தச் செலவும் இல்லாமல் டெக்செல் எட்டில் ஒன்றாகிவிடும்.

நம் வீட்டுக்கு 12 மீட்டரும் 2048 மேப்பும் வைத்தால், டெக்செல் 24 ÷ 2048, அதாவது 1.17 செ.மீ. 19.5 எங்கே, 1.17 எங்கே!

விலை: ஷேடோ கேமரா பார்க்கும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிழலே கிடையாது. நிழல் திடீரென ஒரு நேர்க்கோட்டில் வெட்டுப்பட்டால் சட்டம் குறுகிவிட்டது என்று பொருள்; `CameraHelper`-ஐ `light.shadow.camera`-வோடு இணைத்துப் பார்த்தால் எல்லை கண்ணுக்குத் தெரியும். பார்வையாளர் நடந்து திரியும் பெரிய நிலப்பரப்பில் ஒற்றைச் சட்டம் போதாது, தூரத்துக்கு ஏற்பப் பல மேப்களாகப் பிரிக்க வேண்டிவரும்.

## பக்கத்தில் பக்கமாக

1.17 செ.மீ. டெக்செல், வடிகட்டியோடு, இருபக்கத் தரையை வைத்துக் கணக்கிட்டது:

| வழி | 30° சூரியனில் தேவை | 10° சூரியனில் தேவை | என்ன போகிறது | எப்போது சிறந்தது |
|---|---|---|---|---|
| நிலையான பயாஸ் | 3 செ.மீ. | 10 செ.மீ. | காலடி நிழல் | நகராத, உயரமான விளக்கு |
| சாய்வுக்கேற்ற பயாஸ் | தானே மாறும் | தானே மாறும், உச்சவரம்பு வேண்டும் | ஒளிக்கு இணையான முகங்களின் நிழல் | சொந்த எஞ்சின் |
| நார்மல் பயாஸ் | 1.5 செ.மீ. | 1.7 செ.மீ. | நிழல் நுனி, மிகச் சிறிய உயரங்கள் | நகரும் சூரியன், சுத்தமான நார்மல்கள் |
| பின்முகம் | எண் இல்லை | எண் இல்லை | ஒற்றைத் தாள்களின் நிழல் | கெட்டியான மூடிய வடிவங்கள் |
| சிறிய டெக்செல் | மற்ற எண்களைக் குறைக்கும் | மற்ற எண்களைக் குறைக்கும் | நினைவகம் அல்லது நிழலின் எல்லை | எப்போதும் முதலில் |

3-க்கும் 10-க்கும் உள்ள தூரத்தையும், 1.5-க்கும் 1.7-க்கும் உள்ள தூரத்தையும் பாருங்கள். என் தேர்வு அங்கே முடிவாகிறது: முதலில் சட்டத்தை இறுக்குவது, பிறகு நார்மல் பயாஸ், கடைசியில் மிச்சத்துக்கு மட்டும் துளியளவு நிலையான பயாஸ்.

```js
const s = light.shadow;
s.mapSize.set(2048, 2048);
s.camera.left = -12;  s.camera.right = 12;
s.camera.top = 12;    s.camera.bottom = -12;
s.camera.near = 1;    s.camera.far = 60;
s.camera.updateProjectionMatrix();
s.normalBias = 0.02;
s.bias = -0.0001;
```

இங்கே வீச்சு 59 மீட்டர் என்பதால் -0.0001 என்பது 0.6 செ.மீ. மட்டுமே, காலடியில் அரை சென்டிமீட்டர் இடைவெளியை யாரும் பார்க்க முடியாது. வாசற்படிக்கு 15 செ.மீ.-யில் 13 செ.மீ. உயரத்துக்கான நிழல் கிடைக்கிறது. முதல் ஃபிரேம் வரைந்த பிறகு `mapSize`-ஐ மாற்றினால் பழைய மேப்பே தொடரும். `s.map.dispose()` செய்து `s.map = null` என்று வைத்தால்தான் புதிய அளவு எடுபடும். எண்ணை மாற்றியும் திரையில் எதுவும் மாறவில்லை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

## ஸ்பாட் லைட் என்றால்

சூரியனுக்குப் பதில் ஸ்பாட் லைட் வைத்தால் வழி 1 இன்னும் பலவீனமாகிறது. அதன் ஷேடோ கேமரா பெர்ஸ்பெக்டிவ் வகை என்பதால், சேமிக்கும் தூரம் சீராக ஓடுவதில்லை. ஒரே `bias`, விளக்கிலிருந்து z தூரத்தில் ஏறத்தாழ `bias × z² ÷ near` மீட்டர் விலக்காகிறது. `near` 0.5, `bias` -0.0005 என்று வையுங்கள். 2 மீட்டர் தூரத்தில் விலக்கு 0.4 செ.மீ.; 20 மீட்டரில் 40 செ.மீ. டெக்செலோ தூரத்துக்கு நேர் விகிதத்தில்தான் வளர்கிறது. ஆகவே அருகில் வரிகளும் தொலைவில் மிதப்பதும் ஒரே திரையில் சேர்ந்தே தெரியும்.

இங்கே முதலில் தொட வேண்டியது `far` அல்ல, `near`. விளக்கைச் சுற்றி 2 மீட்டருக்குள் எதுவும் இல்லையென்றால் `near`-ஐ 2 ஆக்குங்கள். தொலைவிலுள்ள விலக்கு 40-லிருந்து 10 செ.மீ. ஆகும். ஆனால் அருகிலுள்ள விலக்கும் அதே விகிதத்தில் சுருங்கி அங்கே வரிகள் கூடும் என்பதால், அந்தக் குறையை `normalBias` கொண்டு நிரப்ப வேண்டும். விளக்குக்கு மிக அருகிலுள்ள பொருளையும், ஒளி எட்டும் கடைசிச் சுவரையும் ஒரே நேரத்தில் திரையில் வைத்துக்கொண்டு எண்ணை மாற்றுங்கள். ஒன்றை மட்டும் பார்த்து முடிவுசெய்த எண் மற்றதில் தவறும்.